தயிருக்க புளிப்பாக்கும்

"எக்கா, அது கெட்டது இல்ல, தயிருக்க புளிப்பாக்கும்."

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணி தாண்டியிருக்கும். நாகர்கோவிலில் நாங்கள் பார்சல் வாங்கிய ஹோட்டலுக்கு ஃபோன் செய்து அவியல் கெட்டிருக்கிறது என்று சொன்னபோது, கல்லாவில் இருந்த பையன் சொன்ன பதில் இது. மரியாதையாகத்தான் சொன்னான். குரலில் திமிர் எதுவும் இல்லை. ஆனாலும் அந்த வரி என்னை மூன்று நாள் தூங்கவிடவில்லை. அவியலில் தயிர் சேர்ப்பார்கள் என்பது எனக்குத் தெரியாதா? குமரி மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தவளிடம் அவியலின் புளிப்பைப் பற்றி ஒருவன் விளக்கம் சொல்கிறானே என்றுதான் முதலில் கோபம் வந்தது. அந்தக் கோபத்துக்குச் சரியான காரணம் அதுவல்ல என்பது இரண்டு நாள் கழித்துத்தான் பிடிபட்டது. அந்த இரண்டு நாளில் ஹோட்டல் முதலாளிக்கு ஒரு கடிதத்தை மூன்று முறை எழுதினேன், முதல் இரண்டையும் கிழித்தேன். அந்தக் கடிதத்தைப் பற்றித்தான் இங்கே எழுத வேண்டும் என்று தோன்றியது.

வீட்டில் அன்று அடுக்களைக்கு டைல்ஸ் ஒட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. அம்மை ஊரிலிருந்து வந்திருந்தாள். தம்பியின் மகனும் கூட வந்திருந்தான், ஏழு வயது. சமைக்க வழியில்லை என்று நானும் வீட்டுக்காரரும் ஸ்கூட்டரில் நாகர்கோவில் போய் நான்கு சைவச் சாப்பாடு வாங்கினோம். சாப்பாடு ஒன்று 130 ரூபாய், மொத்தம் 520. எனக்கு இந்தக் கடை புதிதல்ல. பருப்பு, நெய், பப்படம், அவியல், தீயல், இஞ்சிக்கறி, சாம்பார், ரசம், புளிசேரி என்று நம்ம ஊர் முறையில் சாப்பாடு கொடுக்கிற கடை. வருஷக்கணக்காக அங்கே சாப்பிட்டிருக்கிறோம். பில்லில் நேரம் 12.48 என்று இருந்தது. வில்லுக்குறியில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது ஒன்றரை. கொத்தனார்களுக்குச் சாயா கொடுத்துவிட்டு, வெளித்திண்ணையில் இலை போட்டு உட்கார்ந்தபோது இரண்டுக்குப் பத்து நிமிஷம் இருந்தது.

கவர்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். சாம்பார் கவர் இன்னும் கை பொறுக்கும் அளவு சூடாக இருந்தது. அவியல் கவர்கள் நான்கும் ஆறிப்போயிருந்தன. ஆனால் நான்கும் பலூன் மாதிரி உப்பியிருந்தன. இதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சூடாகக் கட்டினால் கவர் உப்பத்தானே செய்யும் என்று நினைத்தேன். நூலை அவிழ்த்ததும் சின்னதாக ஒரு 'புஸ்'. பிறகு அந்த வாடை.

## அம்மை கழுவிப் பார்த்த முருங்கைக்காய்

பிள்ளை அதற்குள் ஒரு கவரை அவனே பிரித்து இரண்டு வாய் தின்றிருந்தான். அம்மை அவன் கையைப் பிடித்துத் தடுத்தாள். தன் இலையில் விழுந்த அவியலை விரலால் தொட்டு, பெருவிரலும் சுட்டுவிரலுமாகத் தேய்த்து, மெல்ல விரித்துக் காட்டினாள். இரண்டு விரலுக்கும் நடுவே மெல்லிய நூல் மாதிரி ஒன்று இழுபட்டது. "மக்களே, இது வளிச்சதாக்கும். தொடாத" என்றாள்.

ஊசிப்போனது என்று மற்ற ஊர்க்காரர்கள் சொல்வதைத்தான் எங்கள் பக்கத்தில் வளிச்சது என்போம். தயிரின் புளிப்புக்கும் வளிச்ச புளிப்புக்கும் உள்ள வித்தியாசத்தை வார்த்தையில் சொல்வது கஷ்டம், ஆனால் கண்ணுக்கும் கைக்கும் தெரியும். நல்ல அவியலில் தயிர் எவ்வளவு சேர்ந்திருந்தாலும் தேங்காய் காயோடு ஒட்டியிருக்கும். பச்சைத் தேங்காயெண்ணெய், கறிவேப்பிலை வாசம்தான் முன்னால் வரும், புளிப்பு நாக்கில் பட்ட பிறகுதான் தெரியும். வளிச்ச அவியலில் புளிப்பு மூக்கிலேயே முதலில் வந்துவிடும். தேங்காய் திரித்திரியாக நீர்விட்டுப் பிரிந்து நிற்கும், ஓரத்தில் சின்னச் சின்ன நுரைக் குமிழ் இருக்கும், தொட்டால் வழவழக்கும். எங்கள் கவரில் இது அத்தனையும் இருந்தது.

அந்த உப்பிய கவர் விஷயத்தையும் பிறகுதான் யோசித்தேன். சூடான கறியைக் கவரில் கட்டினால் நீராவியால் உப்பும், உண்மைதான். ஆனால் ஆற ஆற அந்த ஆவி தண்ணீராகிக் கவரின் உள்பக்கம் முத்து முத்தாக ஒட்டிக்கொள்ளும், கவரும் சுருங்கிக் கறியோடு ஒட்டிவிடும். ஆறிய பிறகும் உப்பியே இருக்கும் கவரில் இருப்பது ஆவி அல்ல. உள்ளே ஏதோ புளித்து வாயு விட்டுக்கொண்டிருக்கிறது. இதற்காக எந்தச் சோதனைச்சாலைக்கும் போக வேண்டாம். பார்சல் வாங்குகிற யாரும் பிரிப்பதற்கு முன்பே கையால் அமுக்கிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

அதற்குப் பிறகு அம்மை செய்ததுதான் எனக்கு மறக்காதது. அவியலிலிருந்து ஒரு முருங்கைக்காய்த் துண்டையும் ஒரு கத்தரிக்காய்த் துண்டையும் எடுத்து, செம்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவினாள். மோந்து பார்த்தாள். முருங்கைக்காயைப் பிளந்து உள்ளே உள்ள சதையை மோந்தாள். கத்தரிக்காயை என்னிடம் நீட்டினாள். தோல் இன்னும் ஊதா நிறம் மங்காமல், சதை குழையாமல் இருந்தது. "காய் இன்னைக்கு வெந்த காய்தான். தேங்காயாக்கும் போனது" என்றாள். நேற்றைய அவியலை இன்று கொடுத்துவிட்டார்கள் என்று அதுவரை நான் உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன். நேற்றைய அவியலாக இருந்தால் காய் தொய்ந்திருக்கும், முருங்கைக்காயின் சதைக்குள்ளும் அந்த வாடை இறங்கியிருக்கும் என்றாள் அம்மை.

வீட்டுக்காரர், "ஒரு கொதி கொதிக்க வச்சா சரியாகாதா, காசு கொடுத்து வாங்கினதுதானே" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை, பல வீட்டில் இதைத்தான் செய்கிறோம். கொதிக்க வைத்தால் கிருமி பெரும்பாலும் சாகும். ஆனால் சில கிருமிகள் அதற்கு முன்பே உணவில் விட்டுவைத்த நஞ்சு கொதித்தாலும் போகாது, அதுதான் வாந்தியைக் கொண்டுவருவது. கெட்ட உணவைச் சூடு பண்ணி மீட்க முடியாது. நான்கு கவர் அவியலையும் ஒதுக்கி வைத்துவிட்டு மற்றதைச் சாப்பிட்டோம். சாம்பார், தீயல், புளிசேரி எல்லாம் நன்றாக இருந்தன. பிறகுதான் ஃபோன் செய்தேன், அந்தப் பதிலைக் கேட்டேன்.

## கிழித்த கடிதங்கள்

முதல் கடிதம் ஞாயிறு இரவே எழுதியது. 'மனிதர் உண்ணும் உணவா இது', 'பணம் ஒன்றே குறியாக', 'குடும்பமே வாந்தி எடுத்து அவதிப்பட்டோம்' என்றெல்லாம் போயிற்று. எழுதும்போது நல்ல வேகம் இருந்தது. காலையில் வாசித்தபோது ஒரே ஒரு வாக்கியத்தில் கண் நின்றது. குடும்பமே வாந்தி எடுத்ததாக எழுதியிருந்தேன். யாரும் வாந்தி எடுக்கவில்லை. பிள்ளை சாயங்காலம் வயிறு வலிக்கிறது என்றான், இரவு சரியாகிவிட்டது. அவன் மூன்று மணிக்கு ஐஸ்க்ரீமும் சாப்பிட்டிருந்தான். கூட்டி எழுதினால்தான் முதலாளி பயப்படுவார் என்று வீட்டுக்காரர் சொன்னார். ஆனால் பொய்யான அந்த ஒரு வரியை அவர் பிடித்துக்கொண்டால், உண்மையான மற்ற எல்லா வரியும் விழுந்துவிடும். எந்த ஆஸ்பத்திரி, சீட்டைக் காட்டுங்கள் என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்?

நேராக உணவுப் பாதுகாப்பு அதிகாரியிடம் போய்விடலாமே என்றும் அவர் சொன்னார். அதையும் யோசிக்காமல் இல்லை. பலர் ஒரே நேரத்தில் நோயில் விழுந்திருந்தால் நான் அங்கேதான் போயிருப்பேன், கடிதம் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். ஆனால் எங்கள் கையில் இருந்தது ஃப்ரிட்ஜில் வைத்த, பிரித்த நான்கு கவர். 2006-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 40-ஆவது பிரிவு என்று ஒன்று உண்டு. வாங்குகிற யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டி, உணவைப் பகுப்பாய்வாளரிடம் கொடுத்துச் சோதிக்கலாம். ஆனால் அப்படிச் சோதிக்கப் போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லியிருக்க வேண்டும். மதியச் சாப்பாடு வாங்கப் போன இடத்தில் யார் அதைச் சொல்வார்கள்? வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்த கவரில், கெட்டது கடையிலா வழியிலா என்ற கேள்வி எப்போதும் நிற்கும். ஆகவே என்னிடம் இருந்த ஆதாரம் எல்லாம் நான் என்ன பார்த்தேன், எத்தனை மணிக்குப் பார்த்தேன் என்பதுதான். அது துல்லியமாக இருந்தால்தான் அதற்கு மதிப்பு.

இந்த 'வழியிலா' என்ற கேள்வியை நானே எனக்குக் கேட்டுக்கொண்டேன். சமைத்த உணவு 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கி, 5 டிகிரிக்கு மேலே இருக்கும் நேரம்தான் கிருமி பெருகும் நேரம். அந்த நிலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. வாங்கியது 12.48, பிரித்தது 1.50. என் கையில் அது இருந்தது ஒரு மணி நேரமும் இரண்டு நிமிஷமும். அதில் நாற்பது நிமிஷம் ஸ்கூட்டர் பெட்டிக்குள், வெயிலில். இதைக் கடிதத்தில் எழுதினால் முதலாளி இதையே சாக்காக எடுத்துக்கொள்வாரோ என்று தயங்கினேன். பிறகு எழுதத்தான் செய்தேன். சுடச்சுட இறக்கிய அவியல் ஒரு மணி நேரத்தில் நூல்விட்டு நுரைக்காது. நேரத்தை மறைக்காமல் சொன்னால்தான் இந்தக் கணக்கை அவரும் போட்டுப் பார்க்க முடியும்.

திங்கள் இரவு எழுதிய இரண்டாவது கடிதத்தில் வசவு இல்லை, பொய் இல்லை. ஆனால் அதுவும் சரியாக வரவில்லை. கல்லாப் பையனைப் பற்றி ஒரு முழுப் பத்தி இருந்தது. 520 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும் என்றும் இருந்தது. அம்மையிடம் வாசித்துக் காட்டினேன். அவள் முழுவதும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்: "மத்த கறி எல்லாம் நல்லாத்தானே இருந்தது? அதை எழுதலியா?"

புகார்க் கடிதத்தில் நல்லதை ஏன் எழுத வேண்டும் என்றேன். "அவியலு மட்டும் கெட்டுதுன்னா அவனுக்கு எங்க தேடணும்னு தெரியும். சாப்பாடே சரியில்லன்னு எழுதினா அவன் எங்க போயி தேடுவான்?" என்றாள்.

நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. அதுவரை என் மனதில் இருந்த கடிதம், எனக்கு நடந்த அநியாயத்தைச் சொல்லும் கடிதம். அம்மை கேட்ட பிறகுதான், இந்தக் கடிதத்தை வாசிக்கப் போகிற ஆள் சமையல்கட்டுக்குள் போய் ஒரு பாத்திரத்தைத் தேட வேண்டியவர் என்று உறைத்தது. அதோடு இன்னொன்றும் உறைத்தது. நான் ஃபோன் செய்தபோது மணி இரண்டு. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு அந்தக் கடையில் ஒரு மேஜை காலியாக இருக்காது. "தயிருக்க புளிப்பாக்கும்" என்று பையன் சொல்லி ஃபோனை வைத்த அந்த நிமிஷத்தில், அதே பாத்திரத்திலிருந்து அதே அவியலை யாருக்கோ விளம்பிக்கொண்டிருந்திருப்பார்கள். அங்கேயும் ஏழு வயதுப் பிள்ளைகள் இருந்திருப்பார்கள். எனக்குத் தூக்கம் வராததன் காரணம் அதுதான். பையன் எனக்குப் பதில் சொன்னான், ஆனால் திரும்பி அந்தப் பாத்திரத்தை மோந்து பார்க்கவில்லை.

மூன்றாவது கடிதம் அரை மணி நேரத்தில் முடிந்தது. பெயர், முகவரிகளை மட்டும் விட்டுவிட்டு அப்படியே தருகிறேன்.

## கொடுத்த கடிதம்

பொருள்: ஞாயிற்றுக்கிழமை வாங்கிய பார்சல் சாப்பாட்டில் அவியல் கெட்டிருந்தது குறித்து.

ஐயா,

சென்ற ஞாயிற்றுக்கிழமை பகல் 12.48 மணிக்கு உங்கள் கடையில் நான்கு சைவச் சாப்பாடு 520 ரூபாய்க்குப் பார்சல் வாங்கினேன். பில்லின் நகலை இணைத்துள்ளேன். வில்லுக்குறியில் என் வீட்டில் பகல் 1.50 மணிக்குப் பார்சலைப் பிரித்தோம். இடையில் சுமார் நாற்பது நிமிடம் ஸ்கூட்டர் பெட்டியில் இருந்தது.

நான்கு அவியல் கவர்களும் ஆறிய பிறகும் உப்பியிருந்தன. பிரித்தபோது காற்று வெளியேறியது. அவியலில் நுரை இருந்தது, தேங்காய் நீர்விட்டுப் பிரிந்திருந்தது, விரலில் தொட்டால் நூல் விட்டது. புளிப்பு வாடை இருந்தது. காய்களைக் கழுவிப் பார்த்தோம். அவை குழையாமல், வாடை இல்லாமல் இருந்தன. தேங்காய் அரைப்பு மட்டும் கெட்டிருக்கலாம் என்று, ஐம்பது வருடமாக அவியல் வைக்கும் என் தாயார் சொல்கிறார். சாம்பார், தீயல், இஞ்சிக்கறி, ரசம், புளிசேரி ஆகியவை நன்றாக இருந்தன, அவற்றைச் சாப்பிட்டோம். பிரித்தபோது எடுத்த படங்கள் இரண்டை இணைத்துள்ளேன்.

ஏழு வயதுச் சிறுவன் இரண்டு வாய் அவியல் சாப்பிட்டான். மாலையில் வயிற்று வலி என்றான், இரவு சரியாகிவிட்டது. அது இதனால்தான் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

பகல் 2.05 மணிக்குக் கடைக்கு ஃபோன் செய்து தெரிவித்தேன். அது தயிரின் புளிப்பு என்று பதில் கிடைத்தது. அந்த நேரத்தில் அதே அவியல் மற்றவர்களுக்கும் விளம்பப்பட்டிருக்கும் என்பதே என் பெரிய வருத்தம்.

நான் கேட்பது இவை. அன்று அவியலில் என்ன நடந்தது என்று விசாரித்து ஒரு வாரத்துக்குள் எனக்குத் தெரிவிக்க வேண்டும். உணவு கெட்டிருக்கிறது என்று யார் சொன்னாலும், பதில் சொல்வதற்கு முன்னால் அந்தப் பாத்திரத்தைப் பார்த்து, விளம்புவதை நிறுத்தும்படி உங்கள் ஆட்களுக்குச் சொல்ல வேண்டும். பார்சல் கவரில் கட்டிய நேரத்தை எழுதித் தர வேண்டும்.

இப்படிக்கு,

*

பணம் கேட்கவில்லை. மற்ற கறிகளைச் சாப்பிட்டுவிட்டு 520 ரூபாயையும் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அதை விடவும், பணம் கேட்டால் பணத்தைக் கொடுத்து விஷயத்தை முடித்துவிடுவார், பாத்திரம் அங்கேயே இருக்கும். வேறொருவர் கேட்டால் நான் குறை சொல்ல மாட்டேன், அது அவர்கள் உரிமை. பையனைப் பற்றிய பத்தியை எடுத்துவிட்டேன். 'பதில் கிடைத்தது' என்று மட்டும் எழுதினேன். முன்பின் தெரியாத அந்தப் பையனின் வேலை போக நான் காரணமாக இருக்கக் கூடாது. புகார் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்கு யாராவது சொல்லிக் கொடுத்திருந்தால்தானே அவன் செய்வான்? பில்லில் கடையின் 14 இலக்க உணவு உரிம எண் அச்சாகியிருந்தது. பில் நகலில் அது தெளிவாகத் தெரியும்படி பார்த்துக்கொண்டேன். அதிகாரியிடம் போவேன் என்று கடிதத்தில் மிரட்டவில்லை. அந்த எண்ணைப் பார்க்கிற முதலாளிக்கு, போக வழி தெரிந்தவள்தான் எழுதியிருக்கிறாள் என்று புரியும்.

ஒரே கடிதத்தை இரண்டு பிரதியாகக் கையால் எழுதினேன். ஒன்றில் 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்து வாங்க. வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பலாம் என்று முடிவு. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்குப் போனேன். அந்த நேரத்தில்தான் மதியக் கூட்டம் முடிந்து முதலாளி கொஞ்சம் உட்கார்ந்திருப்பார். பன்னிரண்டரைக்குப் போய் நின்றால் எந்த நல்ல மனிதரும் எரிச்சலோடுதான் வாங்குவார்.

## முதலாளி சொன்னது

அறுபது வயதைத் தாண்டியவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றபடியே வாசித்தார். முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார். இரண்டாவது தடவை 'காய்களைக் கழுவிப் பார்த்தோம்' என்ற இடத்தில் விரலை வைத்து நிறுத்தியதைப் பார்த்தேன். கையெழுத்துப் போட்டுத் தந்தார். "நாளைக்கு விளிக்கேன் மோளே" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் அல்ல, வியாழக்கிழமை ஃபோன் வந்தது. நீளமாகப் பேசினார். ஞாயிறு காலையில் தோசை, இட்லி கூட்டத்துக்காக விடியற்காலம் நான்கரை மணிக்கே தேங்காய் அரைத்திருக்கிறார்கள். அன்று சட்னிக்குப் போக ஒரு பாத்திரம் அரைப்பு மிஞ்சிவிட்டது. அதை யாரும் ஃப்ரிட்ஜில் வைக்கவில்லை, அடுப்புக்குப் பக்கத்து மேடையிலேயே மூடி வைத்திருக்கிறார்கள். முதல் அவியல் பன்னிரண்டு மணிக்கே தீர்ந்துவிட்டது. பார்சல் கூட்டம் நிற்கிறது. சரக்கு மாஸ்டர் அவசரத்தில் காயை வேகவைத்து இறக்கி, புதிதாக அரைக்க நேரமில்லாமல் அந்த மிஞ்சிய தேங்காயில் சீரகமும் பச்சை மிளகாயும் அரைத்துச் சேர்த்துக் கலக்கிவிட்டார். பிறகு கொதிக்க விடவும் இல்லை. மேலே தயிரும் தேங்காயெண்ணெயும் ஊற்றியதும் வாடை அமுங்கிவிட்டது.

அம்மை சொன்னது அப்படியே சரியாக இருந்தது. அவியலில் தேங்காய் கடைசியில்தான் சேரும், ஒரு ஆவி வந்ததும் இறக்கிவிடுவோம், அதிகம் கொதித்தால் ருசி போய்விடும். அதனாலேயே நம் சாப்பாட்டில் சீக்கிரம் கெடுவது அவியல்தான். தீயலுக்குத் தேங்காயைக் கறுக்க வறுத்து, புளியில் கொதிக்க விடுகிறோம், அது தாங்கும். அவியலின் தேங்காய் பச்சை. ஈரமும் இனிப்பும் கொழுப்பும் உள்ள பச்சைத் தேங்காய் அரைப்பை, அடுப்புப் பக்கத்துச் சூட்டில் ஏழெட்டு மணி நேரம் வைத்தால் அது சும்மா இருக்காது. அரைத்து உடனே சேர்த்தால்தான் அவியல், மிஞ்சிய அரைப்பு அதற்கு ஆகாது.

"நீங்க அந்தக் காயைக் கழுவிப் பார்த்ததை எழுதலேன்னா, நான் பழைய அவியலைத்தான் தேடியிருப்பேன். பழசு ஒண்ணும் இல்லன்னு சொல்லி விட்டிருப்பேன்" என்றார் முதலாளி. "உங்க அம்மைக்க மூக்கு சரியாக்கும்."

இன்னொன்றும் சொன்னார். அன்று மதியம் இலை எடுக்கிற அம்மாளைக் கூப்பிட்டுக் கேட்டாராம். ஒன்றரை மணிக்குப் பிறகு பல இலைகளில் அவியல் தொடாமலே திரும்பி வந்தது என்று அவள் சொல்லியிருக்கிறாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. சாப்பிட வந்தவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை, ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்து போயிருக்கிறார்கள். இவளிடமும் யாரும் கேட்கவில்லை. இதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் தாழ்ந்தது. "இருபது இலையில அவியலு திரும்பி வந்திருக்கு. எனக்கு ஒரு ஆளும் சொல்லல்ல" என்றார். எனக்கும் அது கஷ்டமாக இருந்தது. நானும் எத்தனையோ கடையில் கெட்ட சட்னியை ஓரம் தள்ளிவிட்டுக் காசு கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். எனக்குப் பின்னால் அதே நாற்காலியில் உட்கார்ந்தவர் யார் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

ஃபோனில் யார் பேசியது என்று கேட்டார். பெயர் தெரியாது என்றேன், அது உண்மையும்கூட. மிஞ்சிய தேங்காயை மதியத்துக்கு எடுக்கக் கூடாது என்று மாஸ்டரிடம் சொல்லிவிட்டதாகவும், யாராவது குறை சொன்னால் முதலில் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டுத் தன்னைக் கூப்பிட வேண்டும் என்று எல்லோரையும் நிறுத்திச் சொன்னதாகவும் சொன்னார். கவரில் நேரம் எழுதுவதுதான் முடியாது என்றார். ஞாயிற்றுக்கிழமை முந்நூறு கவர் கட்டுகிறவன் ஒவ்வொன்றிலும் எழுதிக்கொண்டிருக்க முடியாது என்றார். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒவ்வொரு கவரிலும் வேண்டாம், பார்சல் பையில் ஒரு இடத்தில் எழுதினால் போதும் என்றேன். பார்ப்போம் என்றார். இன்றுவரை எழுதுவதில்லை. அடுத்த தடவை பார்க்கும்போது மறுபடியும் கேட்பேன்.

அம்மை ஊருக்குப் போவதற்கு முந்தின ஞாயிறு, அவளே சொன்னாள், அந்தக் கடையிலேயே வாங்கு என்று. நான் தனியாகப் போனேன். கல்லாவில் அதே குரல் கேட்டது, முகத்தை அன்றுதான் பார்த்தேன். இருபது வயது இருக்கும், மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை. நான் யார் என்று அவனுக்குத் தெரியாது. எனக்கு முன்னால் நின்ற பெரியவர் பார்சலில் அவியல் வேண்டாம் தம்பி, வெயில் நேரம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பையன் எழுந்து உள்ளே போய்விட்டு வந்தான்.

"கொண்டு போங்க தாத்தா. இப்பம் பன்னெண்டேகாலுக்கு இறக்கினதாக்கும். நான் மோந்து பார்த்துட்டேன்."